ஆணிக்கு ஒரு துண்டு

அவன் வேலை பார்த்த லாண்டரியில் நடுவே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். பெரிய மெஷின்கள் சுவருக்குள்ளேயே பதிந்து நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் மூட்டைகளை அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து திணிப்பார்கள். வெந்நீரில் புரண்டு, அலசி, பிழிந்து முடிந்ததும் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இவர்கள் எடுப்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் கையுறை, முகக்கவசம், முழங்கால் வரைக்கும் தொங்கும் ரப்பர் ஏப்ரன் எல்லாம் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு வாசல்கூட வேறு. அவன் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பக்கம்தான். சுவருக்கு அப்பால் துணி எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை.

அவன் கைக்கு வரும் துணி எல்லாமே சுத்தம். சூடாக, சோப்பு வாசனையோடு வந்து விழும். படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவன் பிடிப்பான், எதிர் முனையை 'மடிப்பு' பிடிப்பான். மடிக்கிற வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பதால் அந்த ஆளுக்கு அந்தப் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே உதறு. சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் வரும், சுருக்கம் ஓடிப்போகும். நெற்றியில் வியர்வை வழிந்தால் குவியலின் மேலே கிடக்கிற துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைத் திரும்பத் துவைக்கப் போடும் கூடையில் எறிவார்கள். செய்யக் கூடாதுதான். ஆனால் செய்யாதவர் யாரும் இல்லை. அங்கே துண்டுக்குச் சொந்தக்காரன் கிடையாது. கைக்கு எட்டினது நம் துண்டு.

அவன் முடியெல்லாம் நீராவியில் நனைந்தே இருக்கும் என்பதால் அவனை 'ஆவி' என்பார்கள். "ஆவி வருது, ஒதுங்குங்க" என்று மடிப்பு தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டான்.

வீட்டிலும் அதே பழக்கம். குளித்துவிட்டு வந்தால் கொடியில் எது தொங்குகிறதோ அது.

"ஊர்த் துண்டையெல்லாம் துவைச்சுப் போடுற மனுஷன், தனக்குன்னு ஒரு துண்டு வெச்சுக்கத் தெரியல" என்பாள் மனைவி. "அது என்னுது. ஏன் ஈரமா இருக்குன்னு பார்த்தா உங்க தலைமுடி அதுல ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

"நல்லா பேசுங்க."

அப்போதெல்லாம் அது சிரிப்பதற்கான விஷயமாக இருந்தது.

*

அவனுடைய அக்கா அவர்களோடு வந்து தங்கியது குளிர் தொடங்கின சமயத்தில். மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை ஏற்றினால் சில வாரம் இடைவெளி, அப்புறம் மறுபடி. அக்காவின் வீடு தூரம், கணவரும் இல்லை. அதனால் உள்ளறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் முன்னறைக்கு வந்துவிட்டார்கள். முடி கொட்டிப்போன தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, "நான் உங்க வீட்டு சாமியார்" என்பாள். பேச்சு மட்டும் குறையவில்லை.

ஆஸ்பத்திரி சிஸ்டர் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். மருந்து கட்டியையும் அடிக்கும், உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தியையும் அடிக்கும். சாதாரண ஆளுக்கு மூக்கு ஒழுகிவிட்டுப் போகிற ஜுரம் இவர்களை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். ஜுரம் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே கொண்டு வரணும். ஜுரத்தோடு மருந்து ஏற்றவும் மாட்டார்கள். தள்ளிப் போகும். தள்ளிப் போகப் போக, உள்ளே இருக்கிறதுக்கு வளர நேரம் கிடைக்கும்.

மனைவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, சோப்பு போட்டுக் கை கழுவுவது. அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மூலையில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்ட நீலத் துண்டு. குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள்தான் இருந்தன. ஒன்றில் அந்த நீலத் துண்டு. இன்னொன்றில் மற்ற எல்லாமும்.

"அண்ணி துண்டைத் தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று அவனிடம் விரலை நீட்டிச் சொன்னாள்.

"தொடல, தாயே."

*

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒரு நாள் சாயங்காலம் மனைவி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலி, பல் கிடுகிடுக்கிற குளிர். கிளினிக்கில் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்து, ஃப்ளூதான் என்றார்கள்.

"அண்ணி கதவைச் சாத்துங்க" என்றாள். அதுதான் முதல் பேச்சு. "நான் முன்னறையை விட்டு நகர மாட்டேன். அண்ணிக்கு எல்லாம் நீங்கதான் பார்க்கணும். ஜன்னலைத் திறந்து வைங்க. நேத்து நான்தான் அவங்களுக்குச் சோறு போட்டேன், பக்கத்துல உக்காந்து பேசினேன். அப்பவே எனக்குள்ள இருந்திருக்குமோ என்னவோ…"

"ஒண்ணும் ஆகாது. படு."

"துணி?"

"துணியைப் பத்தி என்கிட்ட சொல்றியா நீ?" என்றான் அவன். அந்தக் காய்ச்சலிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

அவன் லாண்டரியில் லீவு சொல்லிவிட்டு வீட்டு வேலையில் இறங்கினான். வியர்வையில் நனைந்த விரிப்பையும் தலையணை உறையையும் எடுத்தான். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்தான். தூள் போட்டு ஊறவைத்து, கும்மி, அலசி, முறுக்கிப் பிழிந்து வெயிலில் போட்டான். வெயில் போதாவிட்டால் உள்ளே விசிறிக்கு அடியில் போட்டு, கொஞ்சம்கூட ஈரம் இல்லாமல் காயவைத்தான். அதெல்லாம் சரியாகத்தான் செய்தான். சுவருக்கு இந்தப் பக்கத்து வேலையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கட்டிலிலிருந்து விரிப்பை உருவினதும், கை தானாக ஒரு உதறு உதறியது. உள்ளறைக் கதவுக்கு முன்னால் இருந்த நடையில் நின்றுதான் உதறினான். பிறகு சுருட்டி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான். இத்தனை வருஷமாகச் சூடான துணியை அப்படித்தான் தூக்கியிருக்கிறான்.

கைக்குட்டைகள்தான் பெரும்பாடு. காகிதக் கைக்குட்டை வாங்கி வைத்திருந்தான். மூக்கு உரிந்துபோகிறது என்று அவள் பழைய துணிக் கைக்குட்டைகளையே கேட்டாள். தலையணைக்கு அடியில் ஈரமும் பிசுக்குமாகக் கசங்கிக் கிடந்தவற்றை இரண்டு கையாலும் அள்ளிக் குளியலறை வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, கொஞ்சம் வெந்நீர் கொண்டா. மாத்திரை தொண்டையிலயே நிக்குது."

இருமினாள். மாத்திரை சிக்கின இருமல். அவன் பதறிப்போனான். சோப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குழாயும் இருந்தது. ஆனால் கை ஈரமாக இருந்ததுதான் அவனுக்குத் தெரிந்தது, அழுக்காக இருந்தது தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் கையை நீட்டினான். மெத்தென்று ஒரு துண்டு. இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தான். கட்டைவிரலில் ஒரு முடிச்சு நெருடியது.

சிவப்பு நூல் முடிச்சு.

அப்போதே எடுத்து வாளியில் போட்டிருக்கலாம். வேறு துண்டு அலமாரியில் இருந்தது. "தம்பி" என்று அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். அவன் துண்டை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, வெந்நீரோடு ஓடினான். மாத்திரை இறங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முகம் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனாள். அவன் பின்னாலேயே போய்த் தடுத்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து அடுப்பில் வைத்த தண்ணீர் பொங்கியது. அவன் அடுப்புக்குப் போனான்.

அவ்வளவுதான் நடந்தது.

*

இரண்டு நாள் போனது. மனைவிக்கு ஜுரம் இறங்கத் தொடங்கியிருந்தது. அன்று காலையில் அக்கா ஜன்னலோரம் வரவில்லை. கதவைத் தட்டினான். போர்வைக்குள்ளேயிருந்து, "குளிருதுடா" என்றாள். நெற்றியில் கை வைத்தான். கை வைத்த இடத்தில் அடுப்பு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் தாமதம் செய்யவில்லை. மூக்கில் குச்சி விட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே ஃப்ளூவுக்கான மருந்தையும் ஆரம்பித்தார்கள். சீக்கிரம் கொண்டுவந்தது நல்லது என்றார்கள். ஆனால் ரத்தத்தில் வெள்ளணு ரொம்பக் குறைந்திருக்கிறது, நெஞ்சில் இறங்காமல் பார்க்கணும் என்றார்கள். அந்த வாரம் ஏற்ற வேண்டிய மருந்து நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் கொண்டுவந்தேன். அந்தப் பிள்ளைங்க மூக்கைத் துடைச்ச கையோட வந்து அண்ணிக்குச் சோறு போட்டேன்."

'இல்லை' என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "யாருன்னு யாருக்குத் தெரியும்" என்றுதான் சொன்னான்.

அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவளுக்கு ஆறுதல் மாதிரிக் கேட்கிற ஒன்று. அவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம்.

அன்றைக்கே அவள் குளியலறைக்குப் போய், குவளையில் ஒன்றோடொன்று சாய்ந்து நின்ற மூன்று டூத்பிரஷ்ஷையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். குவளையை வெந்நீரில் கழுவினாள். அவனைக் கடைக்கு அனுப்பிப் புதிதாக வாங்கிவரச் சொன்னாள். அது சரி என்றுதான் அவனுக்கும் பட்டது. ஆனால் மறுநாள் காலையில் பல் விளக்கிவிட்டு, அந்தப் புதிய பிரஷ்ஷையும் உடைத்துப் போட்டாள்.

"ஏன்?"

"என் வாயில இன்னும் இருந்தா? அது பிரஷ்ல ஏறி, பிரஷ்லயிருந்து திரும்ப எனக்கு வந்து, அண்ணி வீட்டுக்கு வரும்போது மறுபடி நான் கொடுத்துட்டா?"

அதற்கு அடுத்த நாளும் புதுசு. அதற்கு அடுத்த நாளும். ஜுரம் முழுசாக விட்டு, அவள் எழுந்து நடமாடத் தொடங்கின பிறகும் நிற்கவில்லை. காலையில் அவன் பல் விளக்கப் போகும்போது குப்பைக் கூடையில் ஒரு பிரஷ் இரண்டாக முறிந்து கிடக்கும். ஒரே ஒரு தடவை நனைந்த நார்கள் நட்டுக்குத்தாக நிற்கும்.

மூலைக் கடைக்காரர் பிரஷ் அட்டையை எடுத்து நீட்டும்போதே சிரித்தார். "என்னண்ணே, வீட்டுல யானை கீனை வளர்க்கிறீங்களா? தந்தம் விளக்குறீங்களா?"

அவனுக்கும் சிரிப்பு வந்திருக்கணும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிரஷ் சட்டைப் பையில் குத்திக்கொண்டே வந்தது. அவன் செய்ததற்கு அவள் தினமும் ஒன்றை உடைத்துப் போடுகிறாள்.

*

லாண்டரிக்குத் திரும்பப் போனபோது மடிப்பு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இவன் உதறவில்லை.

"என்ன ஆவி, கை சுளுக்கா?"

"அந்தப் பக்கத்துல இதை உதறுவாங்களா?" என்று இவன் சுவரைக் காட்டினான்.

"உதறினா சூப்பர்வைசர் தோலை உரிச்சிடுவாரு. நான் அந்தப் பக்கம் ஒரு மாசம் இருந்தேன்ல? உருட்டி அப்படியே உள்ள போடணும். மேல படாம தள்ளிப் பிடிச்சுத் தூக்கணும். கையுறையைக் கழட்டினதும் கை கழுவணும். அப்புறம்தான் மூக்கைச் சொறியவே விடுவாங்க. ஏன், அந்தப் பக்கம் மாத்தப் போறாங்களா உன்னை?"

"இல்ல."

"முகத்தைப் பார்த்தா மாத்தின மாதிரிதான் இருக்கு."

வீட்டிலிருந்தபடியே அவன் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டான் என்று மடிப்புக்கு எப்படிச் சொல்வது? அன்று வியர்வை வழிந்தபோதும் குவியலின் மேலே கிடந்த துண்டை அவன் எடுக்கவில்லை. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

*

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தனி அறை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அக்கா இளைத்திருந்தாள். ஆனால் கண் தெளிந்திருந்தது. ஜுரம் விட்டுக்கொண்டிருந்தது.

"வா. உன்னைத் துணி மூட்டை கட்டி அனுப்பியிருக்காங்க போல" என்றாள் அவன் முகக்கவசத்தைப் பார்த்து.

அவன் உட்கார்ந்தான்.

"அவ எப்படி இருக்கா?"

"ஜுரம் விட்டுடுச்சு. வரணும்னு துடிக்கிறா. பயந்துக்கிட்டு வரல."

"அவளை ஒரு வார்த்தை சொல்லாதே" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும், அவ தன்னையே தின்னுக்கிட்டிருப்பா. பாவம், என்னைப் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்தா. நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு அவகிட்ட எதுவும் சொல்லிடாதே. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றான். சொன்னதும் காது ரெண்டும் எரிந்தது. முகக்கவசம் இருந்தது அவனுக்கு வசதியாகப் போனது.

வெளியே வந்ததும் நடையில் சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் வழியை மறித்த மாதிரி நின்றான்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். ஃப்ளூ வந்தவங்க பிரஷ்ஷை எப்ப மாத்தணும்?"

"உங்க அக்காவுக்கா? இங்கயே மெதுவான பிரஷ் கொடுத்திருக்கோம். ஜுரம் நல்லா விட்டதும் அதை எடுத்துட்டு வேற கொடுத்துடுவோம். அவங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதனால ஜாக்கிரதையா இருக்கோம்."

"அக்காவுக்கு இல்ல. என் வீட்டுக்காரிக்கு. தினமும் ஒண்ணு மாத்துறா."

சிஸ்டர் வண்டியை நிறுத்தினாள். "தினமுமா? எதுக்கு? அவங்களுக்கு வந்து போயிடுச்சு இல்ல? அவங்க உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டு அடிச்சிடுச்சு. தன் பிரஷ்ல இருந்து அதே ஜுரம் தனக்கே திரும்ப வராது. கட்டாயம் மாத்தியே ஆகணும்னு இல்ல. மனசு கேக்கலைன்னா, குணமானதும் ஒரு தடவை மாத்தினா போதும். அப்புறம் எப்பவும் போல மூணு நாலு மாசத்துக்கு ஒண்ணு, இல்லேன்னா நார் விரிஞ்சு போச்சுன்னா. முக்கியமா ஒருத்தர் பிரஷ்ஷை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. எல்லாத்தையும் ஒரே குவளையில போட்டு ஒண்ணை ஒண்ணு இடிக்க விடாதீங்க. நல்லா கழுவி, நிறுத்தி வெச்சுக் காய விடுங்க. மூடி வைக்காதீங்க."

"துணி?" என்றான்.

"துணியைத் தனியாத்தான் துவைக்கணும்னு ஒண்ணும் இல்ல, மத்த துணியோடயே போடலாம். சோப்பு, வெந்நீர், நல்லா காயணும். துவைக்காம மட்டும் இன்னொருத்தர் எடுத்துடக் கூடாது. துவைக்கிறதுக்கு முன்னாடிதான் கவனம். உதறக் கூடாது, அணைச்சுத் தூக்கக் கூடாது, எடுத்துப் போட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவிடணும். துண்டு ஆளுக்கு ஒண்ணு. கைக்குட்டை ஈரமா இருக்கும்போதுதான் ரொம்ப மோசம்."

"அந்தக் கையை… நோயாளியோட கைக்குட்டையை எடுத்த கையை, கழுவாம இன்னொருத்தர் துண்டுல துடைச்சா? அவங்க உடனே முகம் துடைச்சா?"

சிஸ்டர் அவனை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வரலாம்" என்றாள். "ஆனா அதுலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரே வீடு. ஜுரம் தெரியுறதுக்கு முந்தின நாளே பரவ ஆரம்பிச்சிடும். பேச்சுல, இருமல்ல, காத்துலதான் அதிகமா போகும். எது வழியா வந்துச்சுன்னு தேடிப் பிடிக்க முடியாதுண்ணே."

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவன் நடையிலேயே நின்றான். யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால் வாயைத் திறக்காமல் இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அப்படி நினைத்ததற்கு அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

*

வீட்டில் மனைவி குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் புது பிரஷ். அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றான். "சிஸ்டர்கிட்ட கேட்டேன். உனக்குத் திரும்ப வராதாம். ஒரு தடவை மாத்தினதே போதுமாம்."

"அவங்களுக்கென்ன, சொல்லுவாங்க" என்று அட்டையைக் கிழித்தாள். "அவங்க கொண்டுவந்து கொடுக்கலையே. நான்தானே கொடுத்தேன்."

"நீ மட்டும்னு சொல்ல முடியாது."

"யாருக்குத் தெரியும்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க."

"எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

அவன் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கைக்குட்டை அள்ளினது, அக்கா இருமினது, கை நீட்டினது, முடிச்சு நெருடினது. நெருடினதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் அவசரம் என்று ஆகிவிடும். முடிச்சு நெருடின பிறகும் மாட்டிவிட்டு வந்தது அவசரம் ஆகாது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான். ஒரு நிமிஷம் தெரிஞ்சது. அப்புறம் எடுத்துடலாம்னு… மறந்துட்டேன்."

"நான் தினமும் அழுதேனே. அப்பவுமா மறந்திருந்துச்சு?"

அவன் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த பிரஷ்ஷைக் குவளையில் போட்டாள். அவனைத் தாண்டிப் போய் அடுக்களையில் பாத்திரங்களை நகர்த்தினாள். ஒன்றன் மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே பேசினாள்.

"அதுலதான் வந்துச்சுன்னு இல்ல. என்கிட்டயிருந்தும் வந்திருக்கலாம். அது வேற." குரல் உடைந்தது. "ஆனா அதை நான் ஒத்தையா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு, கடைக்குப் போய் பிரஷ் வாங்கிட்டு வந்தீங்க."

"ஆமா."

"அண்ணிகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன். சொல்லாம விட்டீங்கன்னா இந்த வீட்டுல நான் பேசவும் மாட்டேன்."

அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் குப்பைக் கூடையில் உடைந்த பிரஷ் இல்லை. குவளையில் நேற்றைய பிரஷ்ஷே, கழுவி, நட்டுக்குத்தாக நின்றது. அவனுடைய பிரஷ் தனி டம்ளரில், அலமாரியின் மறுகோடியில் இருந்தது.

*

அக்கா வீட்டுக்கு வந்தது ஒரு முற்பகல். நெஞ்சில் இறங்கவில்லை. அடுத்த மருந்துக்குப் புது தேதி கொடுத்திருந்தார்கள். தள்ளிப்போனதால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் வழி முழுவதும் மென்றுகொண்டே வந்தான். பார்க்கலாம்.

வீடு வேறு மாதிரி இருந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் மனைவி ஆணிகள் அடித்திருந்தாள். ஒன்றுக்கொன்று இடிக்காதபடி, தள்ளித் தள்ளி. அக்காவின் நீலத் துண்டு வெந்நீரில் துவைத்து, வெயில் வாசனையோடு அதன் ஆணியில் தொங்கியது. அடுத்த ஆணியில் மனைவியுடையது. மூலை ஆணியில் ஒரு பழுப்புத் துண்டு. ஓரம் நைந்தது. எப்போதோ லாண்டரியில் கழித்துவிட்ட துண்டு என்று அவன் கொண்டுவந்து, யாரும் எடுக்காமல் அலமாரியில் கிடந்தது.

அக்கா முகம் கழுவப் போனாள். அவன் பின்னாலேயே போய் வாசலில் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. சோப்பு கண்ணுல போகுது, சீக்கிரம் சொல்லு."

சொன்னான். முடிச்சைப் பற்றியும் சொன்னான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

அக்கா முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். பிறகு குனிந்து தண்ணீரை வாரி வாரி அடித்துக் கழுவினாள். நிமிர்ந்தபோது புருவம் இல்லாத நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அன்னைக்கு அது ஈரமா இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "துடைக்கும்போதே தெரிஞ்சது. யாரோ எடுத்திருக்காங்க, நம்ம தம்பியாத்தான் இருக்கும், துண்டு விஷயத்துல அவன் எப்பவும் அப்படித்தானேன்னு நினைச்சேன். சின்ன வயசுலயும் என் துண்டைத்தானே எடுப்பே."

"அக்கா…"

"இரு. கோபம் இல்லேன்னு சொல்லணும்னு எதிர்பார்க்காதே. இப்ப இருக்கு. போகும்போது போகும்." மூச்சு வாங்கினாள். "ஆஸ்பத்திரியில என்கிட்ட அவளை ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ற மாதிரி சொன்னியே, அதை நினைச்சாத்தான் வருது."

அவன் தலையைக் குனிந்தான். குளியலறைத் தரையில் தண்ணீர் அவன் காலைத் தொட்டுப் போனது.

"முகத்துல தண்ணி சொட்டுது பாரு" என்றாள் அக்கா. "துண்டை எடு."

அவன் கையை நீட்டினான். நீட்டின கை பாதியில் நின்றது. குழாயைத் திறந்தான். சோப்பைத் தேய்த்து, விரல் இடுக்கு, நகக்கண் என்று நிதானமாகக் கழுவினான். அக்கா முகத்தில் நீர் சொட்டச் சொட்டக் காத்திருந்தாள். கழுவி முடித்து, மூலை ஆணியில் இருந்த நைந்த பழுப்புத் துண்டில் கையைத் துடைத்தான். சொரசொரவென்று இருந்தது. அப்புறம்தான் நீலத் துண்டை, முடிச்சு இருந்த மூலையைப் பிடித்து, எடுத்துக் கொடுத்தான்.

அக்கா வாங்கி, முகத்தில் வைப்பதற்கு முன்னால், அதைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள்.